வேம்புக்கு வழிவிட்ட வீடு: புதுமனைக்கு நான்கு வரி வாழ்த்து

புதுமனை புகுவிழாவுக்கு வரும் வாழ்த்து மடல்களை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரர் பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுதிவிடலாம். பதினாறு செல்வமும் பெற்று, பல்லாண்டு வாழ்ந்து, இல்லம் சிறந்து, நல்லறம் ஓங்கி என்று எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் எந்த வீட்டைப் பற்றி என்று கேட்டால் பதில் இருக்காது. கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும்கூட அதே வரிகள் பொருந்தும்.

நண்பர் கட்டிய வீட்டுக்கு அந்த வீட்டைத் தவிர வேறெங்கும் ஒட்டாத ஒரு சின்ன வாழ்த்தை எழுதுவது எப்படி? நான்கே அடி கொண்ட நேரிசை வெண்பாவை எடுத்துக்கொண்டு, முதல் குறிப்பிலிருந்து முடிந்த பாட்டு வரை அதன் வழியே போய்ப் பார்ப்போம். வெண்பாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதன் ஓசையைச் செப்பலோசை என்பார்கள். ஒருவர் எதிரே நின்று சொல்லும் பேச்சின் ஓசை அது. இசை தெரியாதவரும் கூடத்தில் எழுந்து நின்று படித்துவிடலாம்.

பழைய வாழ்த்தின் எலும்புக்கூடு

வாழ்த்துக்கு என்றே தமிழில் பழைய அச்சு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அதைப் புறநிலை வாழ்த்து என்கிறது. அதன் பொருள் மூன்று பகுதிகள் கொண்டது. நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காத்து நிற்கட்டும். பழியில்லாத செல்வம் சேரட்டும். தலைமுறை தலைமுறையாகச் சிறந்து பொலியுங்கள். இந்த வாழ்த்து கலிப்பாவிலும் வஞ்சிப்பாவிலும் வரக்கூடாது என்றும் இலக்கணம் வரையறுக்கிறது. துள்ளும் ஓசையும் தூங்கும் ஓசையும் இதற்கு ஒத்துவராது, வெண்பா ஒத்துவரும்.

காவல், பழியில்லாச் செல்வம், வழிவழி என்ற இந்த மூன்றும் எந்த வீட்டுக்கும் பொதுவான கட்டங்கள்தாம். அவற்றை அந்த ஒரு வீட்டில் உள்ள பொருள்களால் நிரப்பினால் வாழ்த்து தனக்கென ஒரு முகம் பெறும். எனவே எழுத உட்காரும் முன் நண்பரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். இடத்தில் முன்பு என்ன இருந்தது? கட்டும்போது எதை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள்? வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது? மாலையில் யார் எங்கே உட்காரப் போகிறார்கள்? பழைய வீட்டிலிருந்து என்ன வருகிறது?

கிடைக்கும் பதில்களில் முப்பது ஆண்டு கழித்தும் இருக்கப் போகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுவரின் நிறமும் சமையலறை அலமாரியும் பத்தாண்டுக்குள் மாறிவிடும். மரம், கிணறு, திசை, திண்ணை, நிலைக்கதவு ஆகியவை நிற்கும். கடன் தொகை, கொத்தனாரோடு நடந்த சண்டை, மனை விலை ஆகியவை எவ்வளவு சுவையான கதையாக இருந்தாலும் வாழ்த்துக்குள் வரக்கூடாது.

ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம்

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே அரை கிரவுண்ட் மனை, அதாவது 1,200 சதுர அடி. பின்புறம் ஒரு பழைய வேப்பமரம். மாடிப்படி அந்த இடத்தில்தான் வர வேண்டும் என்று வரைபடம் சொன்னது. மரத்தை வெட்ட மனமில்லாமல், மேஸ்திரியிடம் சொல்லிப் படியைத் திருப்பி அமைத்தார் நண்பர். முன்புறம் கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு பேர் தாராளமாக உட்காரும் திண்ணை. அவருடைய அம்மாவுக்கு மாலையில் அங்கே உட்கார்ந்து வெற்றிலை மடிப்பது வழக்கம். வந்தவர்களுக்கும் கொடுப்பார். விழா தை மாதத்தில்.

இப்போது மூன்று கட்டங்களையும் நிரப்பலாம். காவலுக்கு வேம்பு இருக்கிறது. வீட்டின் புறத்தே காவல் நிற்பதுபோலவே அது நிற்கிறது. மாரியம்மனை வழிபடும் குடும்பம் என்றால் தெய்வமும் அதற்குள் வந்துவிடுகிறது. பழியில்லாச் செல்வத்துக்கு விருந்தினரை வைத்துக்கொள்ளலாம். வந்தவரைக் கவனிக்கும் வீட்டில் இருக்கும் செல்வம் யார் கண்ணையும் உறுத்தாது. வழிவழி என்பதற்குத் திண்ணை. அம்மா உட்காரும் அதே இடத்தில் அடுத்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.

தை மாதம் என்ற குறிப்பும் வேண்டியதுதான். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் சித்திரையை ஒட்டிப் பூக்கும். தையில் நடக்கும் விழாவில் "பூத்த வேம்பு" என்று எழுதினால், பின்கட்டில் நிற்கும் மரமே அதைப் பொய்யாக்கிவிடும்.

முதல் வரி: ஓசையும் சொல்லும்

பேச்சுத் தமிழில் முதலில் வரும் வரி இப்படி இருக்கும்:

வேம்புக்கு வழிவிட்டு வீட்டுப் படிவளைத்தாய்

செய்தி முழுவதும் இருக்கிறது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் இரண்டாவது சொல்லில் கால் இடறுகிறது. ஏன் என்று பார்க்க வெண்பாவின் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

அசைகள் இரண்டு. குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும் மெய்யோடு வந்தாலும் நேர். இரண்டு குறில் இணைந்தோ குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரை. இங்கும் மெய் சேர்ந்து வரலாம். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா. நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். நிரையில் முடியும் மூவசைச் சீர் கனி. அது வெண்பாவுக்குள் நுழையவே கூடாது. பிறகு ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் கைகோக்கும் விதி. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும்; விளத்துக்குப் பின் நேர்; காய்க்குப் பின்னும் நேர். வெண்பாவின் தளை இவ்வளவுதான்.

இனி நம் வரி. "வேம்புக்கு" என்பது வேம், புக், கு என்று மூன்று நேர், எனவே காய்ச்சீர். அடுத்து நேர் வர வேண்டும். ஆனால் "வழிவிட்டு" என்பது "வழி" என்ற நிரையில் தொடங்குகிறது. காய் முன் நிரை வந்தால் கலித்தளை. காது இடறியது அங்கேதான்.

தளையைச் சரிசெய்து அடுத்த முயற்சி:

வேம்பு பிழைக்க விலகும் படிக்கட்டில்

வேம்பு, மா, அடுத்து நிரையில் தொடங்கும் பிழைக்க, அதுவும் மா, பின் விலகும், மா, பின் நிரையில் தொடங்கும் படிக்கட்டில், காய். ஓசை வழுவழுவென்று ஓடுகிறது. முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வே, வி என்று மோனையும் இருக்கிறது. இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் இது வாழ்த்துக்கு ஆகாது. "பிழைக்க" என்ற சொல்லில் தவறும் கேட்கிறது, செத்துப் பிழைத்ததும் கேட்கிறது. "விலகும்" என்பது உறவு விலகுவதை நினைவூட்டும். எழுதுபவர் நினைத்தது மரத்தையும் படியையும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கேட்பதோ தனித்தனிச் சொற்களை.

இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததல்ல. குணவீர பண்டிதர் இயற்றிய வெண்பாப் பாட்டியல் முதலான நூல்கள், ஒருவரைப் புகழ்ந்து பாடும் பாட்டின் முதல் சொல் எப்படி இருக்க வேண்டும் என்று பத்துப் பொருத்தங்கள் வகுத்தன. அவற்றில் முதலில் வைத்து எண்ணுவது மங்கலப் பொருத்தம். சீர், திரு, பொன், பூ, நீர், திங்கள், உலகம் போன்ற சொற்களை மங்கலச் சொற்களாக அவை பட்டியலிட்டன. நந்திக் கலம்பகத்தைக் கேட்டு நந்திவர்மன் மாண்டான் என்ற கதையும் அந்த நம்பிக்கையின் நீட்சிதான். சொல்லுக்கு உயிரைப் பறிக்கும் ஆற்றல் உண்டோ இல்லையோ, விழாவில் ஒரு நொடி முகம் சுளிக்க வைக்கும் ஆற்றல் நிச்சயம் உண்டு. எழுதி முடித்த வாழ்த்தை ஒரு முறை பொருளை மறந்துவிட்டுச் சொல் சொல்லாகப் பார்ப்பது நல்லது. இல்லை, பிரி, உடை, விழு, தீர், பிழை போன்றவை எங்கே ஒளிந்திருந்தாலும் அப்போது கண்ணில் படும்.

மூன்றாவது முயற்சி:

வேம்பு தழைக்க விரும்பி வழிவிட்டாய்

"தழைக்க" என்பது "பிழைக்க" இருந்த இடத்தில் அதே அளவில் உட்காருகிறது. விலகியது போய் விரும்பி வழிவிட்டதாக ஆனது. படிக்கட்டு பாட்டிலிருந்து போய்விட்டதே என்று தோன்றலாம். அது நல்லதுக்குத்தான். என்ன வழிவிட்டார் என்று விருந்தினர் கேட்பார்கள். நண்பர் பின்பக்கம் கூட்டிப்போய்த் திரும்பி ஏறும் படியைக் காட்டுவார். நாலடிக்குள் முழுக் கதையையும் திணித்தால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒரு தடை பாக்கி இருக்கிறது. வாழ்த்து வேம்பில் தொடங்கலாமா? அது கசப்பு, மங்கலச் சொற்களின் பட்டியலிலும் இல்லை. இந்தக் குடும்பத்துக்கு வேம்பு அம்மன் மரம். சித்திரை முதல் நாள் அதன் பூவில்தான் பச்சடி. பாண்டியர் சூடிய பூவும் அதுவே. ஆகவே இங்கே தொடங்கலாம். வேம்பு என்றாலே கசப்பு மட்டும் நினைவுக்கு வரும் வீடு என்றால், அதே மரத்தை இரண்டாம் அடிக்குத் தள்ளிவிட்டுத் திருவிலோ பூவிலோ தொடங்குவதுதான் சரி.

எதுகையைத் தேடிப் போனால்

நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காவது சீர் தனிச்சொல். முதல் இரண்டு அடிகளின் எதுகை அதிலும் வர வேண்டும். எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பது. முதல் எழுத்து நெடிலானால் மற்றவற்றிலும் நெடிலாக இருக்க வேண்டும். "வேம்பு" என்று தொடங்கியதால் நெடிலை அடுத்து "ம்" வரும் சொற்களாகத் தேட வேண்டும். பாம்பு, சாம்பல், சோம்பல், தேம்பல், ஓம்பும், ஆம்பல், தாம்பூலம்.

முதல் நான்கும் வாழ்த்துக்கு ஆகாதவை. ஆனால் ஓம்பும் என்பதில் விருந்தோம்பலும், தாம்பூலம் என்பதில் அம்மாவின் வெற்றிலையும் இருக்கின்றன. இரண்டும் நம் குறிப்பில் ஏற்கெனவே உள்ளவை. எதுகைக்காகச் சொல்லைத் தேடும்போது அது வீட்டுக்குள்ளேயே கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இல்லாத ஆம்பலைக் கொண்டுவந்தால், இல்லாத குளம் ஒன்றையும் வெட்ட வேண்டிவரும். அப்படிப்பட்ட நேரத்தில் முதல் சொல்லையே மாற்றுவது உத்தமம்.

மூன்றாம் அடியில் திண்ணைக்கு ஓர் அடைமொழி வேண்டும். கைக்கு முதலில் கிடைப்பது "அன்பார்ந்த திண்ணையிலே". அளவு பொருந்துகிறது. ஆனால் அது கடிதத்தில் "ஐயா" என்பதற்கு முன்னால் போடும் சொல்; இந்தத் திண்ணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாசல் கிழக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் வழி பிறக்கும். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில் நிலா கிழக்கே ஏறும். விளக்கு வைக்கும் வேளையில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் நிலா நேர் எதிரே இருக்கும். எனவே "அந்திநிலாத் திண்ணை". மேற்குப் பார்த்த வீட்டுக்கு இதை எழுத முடியாது.

கடைசி அடிக்கு மூன்றே சீர். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். "பின்னும் பெயர்த்தியர் பேச்சு" என்று எழுதினால் மூன்று சீரிலும் மோனை விழுகிறது. "பேச்சு" காசு வாய்பாட்டில் முடிகிறது. ஆனால் இரண்டு குறைகள். நண்பரின் மகள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அவளை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைக் கணக்குப் போடுவது அவசரம். அதைவிட முக்கியமாக, வரியில் வாழ்த்தும் வினையே இல்லை. வாழ்க, வளர்க, பெருகுக என்பதுபோன்ற வியங்கோள் இல்லாமல் முடிந்தால் அது வருணனையாகிவிடும். பெயர்த்தியரை எடுத்துவிட்டு அங்கே "பெருகுக" வைத்தால் இரண்டும் தீரும். இரண்டு சொல்லும் விளச்சீர் என்பதால் தளையும் கலையாது.

முழுப் பாட்டு இது:

வேம்பு தழைக்க விரும்பி வழிவிட்டாய்
ஓம்பும் விருந்தால் ஒளிபெறுக – தாம்பூலம்
அன்னை மடித்தளிக்கும் அந்திநிலாத் திண்ணையிலே
பின்னும் பெருகுக பேச்சு.

மரம் தழைக்க விரும்பி வழிவிட்டவன் நீ. நீ பேணும் விருந்தினரால் ஒளி பெறுவாயாக. அம்மா வெற்றிலை மடித்துக் கொடுக்கும் நிலாத் திண்ணையில் இனி வரும் காலத்திலும் பேச்சு பெருகட்டும் என்பது பொருள். நண்பர் என்பதால் "வழிவிட்டாய்" என்று ஒருமை நிற்கிறது. வயதில் மூத்தவர் வீடு என்றால் "வழிவிட்டீர்" என்று மாற்றலாம், அளவு மாறாது.

தளையைச் சரிபார்க்க அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள் இணையத்தில் கிடைக்கிறது. பாட்டை இட்டால் சீரும் தளையும் பிரித்துக் காட்டும். விலகுவதும் பிழைப்பதும் வாழ்த்தில் வரலாமா என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரமும் திண்ணையும் இல்லாத வீடு

அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வீடு வாங்கியவருக்கு என்ன எழுதுவது? அங்கேயும் ஏதாவது ஒன்று இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிகிறது, மாலையில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டடிக் குறள் வெண்பாவே போதும்:

ஏரிக் குளிர்காற்றே ஏறிவரும் மாடியிலே
வாரி வழங்குக வாழ்த்து.

இலக்கணம் சரி, எதுகை சரி, சொல்லும் எளிமை. வேறு ஊரில் கைதட்டல்கூடக் கிடைக்கும். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் ஏரியும் "ஏறிவரும்" என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால், காற்றைக் காதில் வாங்காமல் கூடம் சிரித்துவிடும். "வாரி" அதற்கு மேலும் உதவி செய்யும். சொற்கள் தனியாக நல்லவையாக இருந்தும் ஊரும் காலமும் சேர்ந்து அவற்றைக் கெடுப்பதற்கு இது ஒரு சான்று.

ஜன்னலுக்கு நேரே தென்னையின் உச்சி தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் சொல்லை மாற்றினால் எதுகை மாறும். எதுகை மாறினால் இரண்டாம் அடி முழுவதும் மாற வேண்டும்:

தென்னைக் குளிர்காற்றே தேடிவரும் மாடியிலே
இன்னிசையாய்ச் சூழ்க இனிது.

இந்த வீட்டில் புறத்தே நின்று காப்பது காற்று. தெய்வப் பெயர் எதுவும் இல்லாததால் எந்த மதத்து நண்பருக்கும் கொடுக்கலாம்.

கொடுக்கும் முறை

அச்சிடுவதானால் அடி பிரிப்பை மாற்றாதீர்கள். அச்சகங்களில் இடம் போதவில்லை என்று நான்காவது சீரை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்கள். தனிச்சொல் இடம் பெயர்ந்தால் படிப்பவருக்கு ஓசை பிடிபடாது. எழுத்தின் அளவைக் குறைத்தாவது ஓர் அடியை ஒரே வரியில் நிறுத்துங்கள். தனிச்சொல்லுக்கு முன் ஒரு சிறு கோடு போதும். பாட்டுக்குக் கீழே நாள், ஊர், உங்கள் பெயர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்காரும் நேரம் படிப்பதற்கு ஏற்றது. யாழ்ப்பாணத்தில் இதே சடங்கைக் குடிபூரல் என்பார்கள். அங்கும் பால் காய்ச்சிய பிறகுதான் பேச நேரம் கிடைக்கும். ஒரு முறை மெதுவாகச் சீர் பிரித்தும், உடனே இன்னொரு முறை பொருள் விளங்கத் தொடர்ந்தும் படியுங்கள். இரண்டு முறை படித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாட்டில் பெயர் சொல்லாமல் வந்தவர், இங்கே அந்த அம்மா, முன்கூட்டியே அதைக் கேட்டுச் சம்மதித்திருக்க வேண்டும். வெற்றிலை போடுவதை ஊரறியச் சொல்வது அவருக்குப் பிடிக்காது என்றால், தாம்பூலம் போக வேண்டியதுதான். அதோடு எதுகையும் போகும், இரண்டாம் அடியையும் மூன்றாம் அடியையும் மறுபடி எழுத வேண்டும். அதற்கு விழாவுக்கு முந்தைய இரவு போதாது. ஒரு வாரம் முன்பே பாட்டை முடித்து அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.